லாபம், இரண்டு, மூன்று...

"அண்ணி, எனக்கு மூச்சு விடக்கூடத் தெரியவில்லை!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள் என் நாத்தனார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அப்போதுதான் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்களுக்குக் கீழே கருவளையம் படர்ந்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஆரம்பப் பள்ளியில் குழந்தைகளைக் கட்டி மேய்த்தவள். சென்ற வருஷம் கணவரை இழந்தாள். அன்று முதல் இரவில் இரண்டு மணிக்கு விழிப்புக் கண்டால், பிறகு பொழுது விடிகிற வரையில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

"என்ன நடந்தது? நிதானமாகச் சொல்லு" என்றேன்.

"பௌத்தர்கள் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்வார்களாமே, அதைச் செய்தால் மனசு அடங்கும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். நாலு நாளாக உட்கார்ந்து பார்த்தேன், அண்ணி. மூச்சைக் கவனிக்க ஆரம்பித்த உடனே நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது. தலை சுற்றுகிறது. மனசோ, அடங்குவதற்குப் பதிலாகப் பேயாட்டம் ஆடுகிறது. எனக்கு இதுகூட வராது போலிருக்கிறது."

அந்த 'இதுகூட' என்ற வார்த்தைதான் என்னை என்னவோ செய்தது. முதலில் அவளை எங்கள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நெஞ்சு இறுக்கம் என்று யார் சொன்னாலும் தியானத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் அதுதான். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அதன் பிறகுதான் நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, அவள் என்ன செய்தாள் என்பதைத் துருவிப் பார்க்க ஆரம்பித்தோம்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பழக்கம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வயதான இலங்கைப் பிக்ஷுவிடம் சில மாதங்கள் பாடம் கேட்டிருக்கிறேன். நான் பட்ட அவஸ்தைகளும் என் நாத்தனார் பட்டவையும் அநேகமாக ஒன்றுதான். புதிதாக ஆரம்பிக்கிற எல்லாருமே ஏறக்குறைய அதே நாலு இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகையால் இந்த வாரம் அந்த நாலு இடங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதல் தடுக்கல், மூச்சைக் கவனிப்பதற்குப் பதிலாக மூச்சை இழுப்பது.

"நீ எப்படி மூச்சு விட்டாய், செய்து காட்டு" என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மார்பு விரிய ஒரு பெருமூச்சை இழுத்து, நிறுத்தி, 'புஸ்' என்று விட்டாள். உடனே அடுத்தது. துருத்தி ஊதுகிற மாதிரி இருந்தது.

"இது பிராணாயாமம் மாதிரி இருக்கிறதே!" என்றேன்.

"பின்னே? மூச்சுத் தியானம் என்றால் அதுதானே?"

அதுதான் இல்லை. பிராணாயாமத்தில் மூச்சுக்கு நாம் எஜமானர். இவ்வளவு நேரம் இழு, இவ்வளவு நேரம் நிறுத்து, இவ்வளவு நேரம் விடு என்று கணக்குக் கொடுக்கிறோம். அதற்கென்று குருவும் முறையும் உண்டு. புத்தர் சொல்லிக் கொடுத்ததோ வேறு. பாலி பாஷையில் அதற்கு 'ஆனாபான சதி' என்று பெயர். 'ஆனாபானம்' என்றால் உள்ளே வருகிற மூச்சும் வெளியே போகிற மூச்சும். 'சதி' என்றால் மறவாத கவனம். சிராவஸ்தி நகரத்தில் விசாகை என்ற குடும்ப ஸ்திரீ கட்டிக் கொடுத்த விஹாரத்தில், மழைக்காலம் முடிந்த ஒரு பௌர்ணமி இரவில், நிலா வெளிச்சத்தில் பிக்ஷுக்கள் சூழ உட்கார்ந்துகொண்டு அவர் இதை உபதேசித்ததாகச் சூத்திரம் கூறுகிறது.

அந்த உபதேசத்தின் ஆரம்பம் மிகவும் எளியது. நீண்ட மூச்சு வந்தால், நீண்டது என்று அறிகிறான். குறுகிய மூச்சு வந்தால், குறுகியது என்று அறிகிறான். அவ்வளவுதான். நீளமாக இழு என்று அங்கே சொல்லவில்லை. இதற்கு ஓர் உவமையும் உண்டு. கடைசல் பிடிக்கிற தச்சனைப் பார்த்திருப்பீர்கள். நீளமாக ஒரு சுற்று இழுத்தால் 'நீளம்' என்று அவன் கைக்குத் தெரியும்; குட்டையாக இழுத்தால் 'குட்டை' என்று தெரியும். அந்த மாதிரி தெரிந்திருந்தால் போதும்.

அப்படியானால் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது ஏன்? விரல் மரத்தது ஏன்? உடம்புக்குத் தேவையானதற்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால், இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அது குறைந்தால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு வரும், தலை கிறுகிறுக்கும், மூச்சுப் போதாத மாதிரியே தோன்றும். போதவில்லை என்று எண்ணி இன்னும் பலமாக இழுப்போம். அவஸ்தை இன்னும் அதிகமாகும். என் நாத்தனார் நாலு நாளாகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

"சரி, இழுக்காமல் எப்படிக் கவனிப்பது? கவனித்தால் தானாகக் கை வைக்கத் தோன்றுகிறதே" என்றாள். நியாயமான கேள்வி. மூச்சுக்கு அப்படி ஒரு சுபாவம் உண்டு. நாம் மறந்திருந்தாலும் அது நடக்கும். நாம் நினைத்தால் நம் சொல்லையும் கேட்கும். ஆகையால் பார்க்க ஆரம்பித்ததுமே நடத்தவும் ஆரம்பித்து விடுகிறோம்.

அவளுக்கு நான் சொன்ன உபாயம் இது. "நீ வகுப்பில் எத்தனையோ குழந்தைகளைத் தூங்க வைத்திருப்பாய். தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பாய். அதை நீ ஏற்றி இறக்குகிறாயா? சும்மா பார்க்கிறாய். அந்த மாதிரி வெளியே போகிற மூச்சை முழுசாகப் போக விடு. போய் முடிந்த பிறகு ஒன்றும் செய்யாதே. அடுத்த மூச்சு தானாக வருகிற வரையில் காத்திரு. வந்தால் வரட்டும், உனக்கென்ன!"

அவள் கண்ணை மூடினாள். ஒரு மூச்சு போயிற்று. கொஞ்சம் தாமதித்தது. பிறகு, அவள் கேட்காமலே அடுத்தது வந்தது. அவள் தோள்கள் ஓர் அங்குலம் தழைந்ததை என் கண்ணால் பார்த்தேன். நெஞ்சு இறுக்கம் அதோடு சரி, பிறகு வரவில்லை. முதல் சில நாட்களில் மூச்சில் நம் கை கொஞ்சம் பட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் பாதகமில்லை. 'இது நான் இழுத்த மூச்சு' என்று தெரிந்தால், அதுவும் ஒரு தெரிதல்தான்.

இரண்டாவது தடுக்கல் மனம் ஓடுவது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் தியானத்தை விட்டுவிடுகிறார்கள்.

இதற்குப் பழைய ஆசிரியர்கள் வைத்திருக்கிற மருந்து எண்ணுவது. இதை விவரமாக எழுதியவர் புத்தகோஷர். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்து மகாவிஹாரத்தில் இருந்துகொண்டு 'விசுத்திமக்கம்' என்ற பெரிய நூலை இயற்றியவர். நம் காஞ்சிபுரத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. அங்கே தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

தானியம் அளக்கிறவனைப் போல மூச்சை எண்ண வேண்டும் என்கிறார் அவர். இதை நான் சொன்னதும் என் நாத்தனார் முகம் மலர்ந்தது. அவள் பிறந்து வளர்ந்தது களத்துமேட்டுக்குப் பக்கத்து வீட்டில். அறுவடைக் காலத்தில் நெல் அளக்கிறவர் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். 'லாபம், லாபம்' என்று ராகம் போட்டுக்கொண்டே மரக்காலைக் கவிழ்ப்பார். அடுத்த மரக்காலை நிரப்புகிற வரையில் அந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போதுதான் கணக்குத் தவறாது. புத்தகோஷரின் ஆளும் அப்படியேதான் செய்கிறான். 'ஒன்று' என்று கொட்டுகிறான். மறுபடி நிரப்பும்போது கண்ணில் படுகிற குப்பையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே 'ஒன்று, ஒன்று' என்கிறான். பிறகு 'இரண்டு, இரண்டு'.

ஆகவே உள்ளே வருகிற மூச்சுக்கு 'ஒன்று'. வெளியே போகிற மூச்சுக்கும் அதே 'ஒன்று'. அடுத்த ஜோடிக்கு 'இரண்டு, இரண்டு'. ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏன் ஐந்துக்குக் குறையக் கூடாது? இடம் போதாத பட்டியில் அடைத்த மாடுகளைப் போல மனம் முட்டி மோதும் என்கிறார். ஏன் பத்தைத் தாண்டக் கூடாது? தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இது அநுபவத்தில் எவ்வளவு உண்மை தெரியுமா? நான் ஒரு சமயம் எழுபத்திரண்டு வரையில் பெருமையாக எண்ணியிருக்கிறேன். அதில் ஐம்பது மூச்சுக்களை நான் பார்க்கவே இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப் போல எண் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் மறுநாள் சமையலை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சை எங்கே வைத்துக் கவனிப்பது என்றும் ஒரு கேள்வி உண்டு. மூக்கு நுனியிலோ மேல் உதட்டிலோ, காற்று உராய்வது எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே. காற்றோடு கூடவே மார்புக்கும் வயிற்றுக்கும் போய்வரக் கூடாது. வாசற்காவல்காரன் ஊருக்குள் போகிறவர்களின் பின்னாலேயே போவதில்லை அல்லவா? வாசலைக் கடக்கும்போது மட்டும் பார்க்கிறான். மூக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. பர்மாவில் இருந்த மஹாஸி ஸயாதோ (1904-1982) வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொன்னார். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தினம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது.

என் நாத்தனார் மூக்கு நுனியை எடுத்துக்கொண்டாள். காலையில் பதினைந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டோம். முழங்கால் வலி உள்ளவளாதலால் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு நேராக இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் வந்து, "பதினைந்து நிமிஷத்தில் ஐந்து வரையில் எண்ணியது இரண்டே தடவை, அண்ணி. மற்ற நேரமெல்லாம் காஸ் சிலிண்டர், பென்ஷன், மாடி வீட்டுக்காரி சொன்ன பேச்சு" என்றாள்.

அடுக்களையிலிருந்து இரண்டு கிண்ணமும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். "மனசு ஓடிப்போய்விட்டது என்று உனக்குத் தெரிகிறதல்லவா? தெரிகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்தில் போடு. பிறகு மறுபடி 'லாபம்' என்று ஆரம்பி. வேறொன்றும் செய்யாதே" என்றேன்.

அன்றைய கணக்கு நாலு கொட்டை. மறுநாள் ஏழு. ஒரு வாரம் கழித்துக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். "பார்த்தீர்களா, பத்தொன்பது! நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு போகிறது" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"முதல் நாள் நாலு கொட்டை போட்டாயே, அன்று ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பினாய்?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "சிலிண்டரில் ஆரம்பித்து, பென்ஷன் ஆபீசுக்குப் போய், அங்கே குமாஸ்தாவோடு சண்டை போட்டு, வீட்டுக்கு வந்து... எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது."

"நேற்று?"

"நேற்றா... சிலிண்டர் என்று நினைத்த உடனேயே தெரிந்துவிட்டது." சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவிற்று.

விஷயம் அவ்வளவுதான். நாலு தடவை ஓடியவளுக்கு மனம் அடங்கியிருந்தது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் வெகு நேரம் காணாமற்போயிருந்தாள். பத்தொன்பது தடவை போட்டவள் பத்தொன்பது தடவை கண்டுபிடித்திருக்கிறாள். ஓடியதை அறிகிற அந்தக் க்ஷணத்தில்தான் கவனம் பிறக்கிறது. கன்றுக்குட்டியைக் கம்பத்தில் கட்டுகிற உவமையை இதற்கும் சொல்வார்கள். காட்டுப் பசுவின் கன்றைப் பிடித்துவந்து கட்டினால் முதலில் இங்கும் அங்கும் இழுக்கும். கயிறு இருப்பதால் ஓட முடியாமல் கடைசியில் கம்பத்தடியிலேயே படுத்துக்கொள்ளும். மூச்சுத்தான் கம்பம், மறவாத கவனந்தான் கயிறு. கயிற்றை ஒரு தடவை கட்டிவிட்டு, எத்தனை தடவை இழுத்தாய் என்று கன்றை அடிப்பதில் பிரயோஜனமில்லை.

அடிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஐயோ, மறுபடி ஓடிவிட்டதே, எனக்குப் புத்தியில்லை' என்று தன்னையே திட்டிக்கொள்கிறோமே, அதுவும் ஓர் ஓட்டந்தான். எண்ணம் ஓடியது ஒரு நிமிஷம் என்றால் திட்டு இரண்டு நிமிஷம் ஓடும். பௌத்த நூல்களில் தியானத்துக்குத் தடைகள் ஐந்து என்று சொல்லி, அவற்றில் அலைச்சலையும் மன உறுத்தலையும் சேர்த்து ஒரே தடையாக வைத்திருக்கிறார்கள். இரண்டும் கூடவே பிறந்தவை. மூன்றாவது வாரத்தில் கொட்டைகள் பன்னிரண்டு, பத்து என்று இறங்கின. பிறகு புளியங்கொட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் அதுவே ஒரு பரீட்சை மார்க்காகிவிடும்.

மூன்றாவது தடுக்கல் தூக்கம்.

இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறவளுக்குக் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் பார்த்தேன். தலை முன்னால் சாய்ந்து, சாய்ந்து, திடுக்கென்று நிமிர்ந்தது. அவளுக்கு ஒரே வெட்கம்.

"வெட்கப்படாதே. உனக்கு முன்னால் மகா மௌத்கல்யாயனரே ஆடி விழுந்திருக்கிறார்" என்றேன். புத்தருடைய இரண்டு முதன்மைச் சீடர்களில் ஒருவர் அவர். மகத நாட்டில் ஒரு கிராமத்தருகே தனியாகத் தியானத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார். புத்தர் அவரிடம் வந்து, "தூங்குகிறாயா, மௌத்கல்யாயனா?" என்று கேட்டார். அவரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். புத்தர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய காரியங்களைச் சொன்னார். எந்த நினைவில் இருக்கும்போது தூக்கம் வந்ததோ, அதை விடு. போகவில்லையா? கேட்ட உபதேசத்தைச் சிந்தித்துப் பார். வாய்விட்டு ஒப்பித்துப் பார். காது மடலை இழுத்துவிடு, கைகால்களைத் தேய். எழுந்து கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு நாலு திசையையும் பார், மேலே நட்சத்திரங்களைப் பார். மனத்தில் பகல் வெளிச்சத்தை நினை. எழுந்து முன்னும் பின்னுமாக நட. எதற்கும் போகாவிட்டால்?

"போகாவிட்டால்?" என்றாள் நாத்தனார் ஆவலோடு.

"வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிடு என்றார்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் அதிகமாகக் கேட்டதில்லை. எழுந்திருக்க வேண்டும் என்ற நினைவோடு தூங்கு, எழுந்ததும் சோம்பாமல் எழுந்துவிடு என்பது மட்டுந்தான் நிபந்தனை. தூக்கம் நிஜமாகவே போதாதவர்களுக்குத் தூக்கந்தான் மருந்து. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் உட்கார்ந்த உடனே மயக்கம் போல வந்தால், அது வேறு. அப்போது கண்ணைப் பாதி திறந்துகொள்ளலாம். எழுந்து கூடத்தில் பத்துத் தடவை நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்துவிட்டுத் திரும்ப உட்காரலாம். என் நாத்தனார் காலைக்குப் பதில் சாயங்காலம், விளக்கேற்றுகிற வேளைக்கு மாற்றிக்கொண்டாள். தலை சாய்வது குறைந்தது.

நாலாவது தடுக்கல் விசித்திரமானது. கொஞ்சம் பழகிய பிறகுதான் வரும். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் இரவு டெலிபோனில் கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"அண்ணி, இன்றைக்கு மூச்சே நின்றுவிட்டது! தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை. பயந்துபோய் பலமாக இழுத்து, எழுந்து ஓடி வந்துவிட்டேன்."

"மூச்சு நின்றிருந்தால் எனக்கு எப்படி டெலிபோன் செய்தாய்?" என்றேன்.

இதைப் புத்தகோஷரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். மற்ற தியானப் பொருள்கள் பழகப் பழகத் தெளிவாகத் தெரியும். மூச்சோ பழகப் பழக நுண்ணியதாகிக்கொண்டே போகும். வெண்கல மணியை அடித்தால் முதலில் கணீரென்ற பெரிய ஓசை. பிறகு சன்னமான ரீங்காரம். பிறகு அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்று. உடம்பு அமைதியானால் அதற்குக் காற்று கொஞ்சமாகத்தான் வேண்டும். மூச்சு மெல்லியதாகிவிடுகிறது. நம் கவனம் இன்னும் அவ்வளவு கூர்மையாகவில்லை. ஆகவே காணவில்லை என்கிறோம்.

அப்போது எழுந்துவிடாதே என்கிறார் அவர். உட்கார்ந்தபடியே உன்னை நீயே கேட்டுக்கொள். மூச்சு இல்லாதவர்கள் யார்? தாயின் கர்ப்பத்தில் இருக்கிற சிசு, தண்ணீரில் மூழ்கியவன், செத்தவன், மிக உயர்ந்த சமாதி நிலைகளை அடைந்தவர்கள். இவர்களில் நீ யார்? ஒருத்தரும் இல்லை! ஆகவே உனக்கு மூச்சு இருக்கிறது. கண்டுபிடிக்கிற நுட்பந்தான் இல்லை.

பிறகு என்ன செய்வது? இங்கேயும் ஓர் உழவனை அழைத்துவருகிறார். உழுது முடித்து மாடுகளை அவிழ்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்தான். மாடுகள் காட்டுக்குள் போய்விட்டன. கெட்டிக்கார உழவன் அவற்றைத் தேடிக் காடெல்லாம் அலைவதில்லை. கயிற்றையும் தார்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு, அவை வழக்கமாகத் தண்ணீர் குடிக்கிற துறைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான். சற்றுப் படுத்தும் கொள்கிறான். மாடுகள் மேய்ந்துவிட்டு அங்கேதான் வந்தாக வேண்டும். அந்த மாதிரி, மூச்சு வழக்கமாகப் படுகிற அந்த மூக்கு நுனியில் கவனத்தை வைத்துவிட்டுக் காத்திரு. பலமாக இழுத்து வரவழைக்காதே.

மறுநாள் அவள் அப்படியே செய்தாள். "வந்தது, அண்ணி. ஒரு நூலிழை மாதிரி வந்தது" என்றாள். எண்ணுவதையும் அதற்குச் சில நாட்களில் விட்டுவிட்டாள். எண் இல்லாமலே கவனம் மூச்சில் தங்குகிற வரையில்தான் எண்ணுவது. நெல் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு மரக்காலைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பத்தாம் நாளோ என்னவோ, அவள் உட்கார்ந்திருந்தபோது பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. வீட்டு வேலையிலும் பென்ஷன் காரியங்களிலும் அமுக்கி வைத்திருந்த துக்கம். மனத்தை வேறெங்கும் போகவிடாமல் உட்கார்ந்தால், அடியில் இருப்பது மேலே வரத்தான் செய்யும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்ணைத் திறந்து, பாதம் இரண்டும் தரையில் இருப்பதைக் கவனிக்கச் சொன்னேன். அன்று அதற்குமேல் தியானம் இல்லை. அழுது முடித்தாள், காப்பி குடித்தோம்.

அழுகை வந்து போவது ஒன்று. ஆனால் உட்காரும்போதெல்லாம் பயம் கவ்விக்கொண்டால், பழைய கோரமான சம்பவங்கள் கண்முன் வந்து விலகாமல் நின்றால், இருக்கிற தூக்கமும் போய்விட்டால், தியானத்தை நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது தைரியமல்ல. இத்தகையவர்களுக்கு மூச்சைவிட நடப்பதும், கண்ணைத் திறந்து கைவேலை செய்வதும் நல்லது. டாக்டரிடமும் போக வேண்டும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், தியானம் ஆரம்பித்தாயிற்று என்று மருந்தை விடக் கூடாது. பேசாமல் பத்து நாள் உட்காருகிற முகாம்களுக்கு டாக்டரைக் கேட்காமல் போகவும் கூடாது.

என் நாத்தனாருக்கு இரவு இரண்டு மணி விழிப்பு போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. போன வாரம் அவளைக் கேட்டேன்.

"விழிப்பு வருகிறது, அண்ணி. அவர் ஞாபகமும் வருகிறது. முன்னே எல்லாம் அந்த ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு விடிகிற வரையில் போய்க்கொண்டே இருப்பேன். இப்போது, போய்விட்டேன் என்று எங்கேயோ நடுவழியில் தெரிகிறது. தெரிந்ததும் 'லாபம்' என்று ஆரம்பிக்கிறேன். சில நாள் மூன்று வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். சில நாள் இல்லை."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் போன பிறகு, அடுக்களை அலமாரியில் அந்த இரண்டு கிண்ணங்களையும் பார்த்தேன். கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புளியங்கொட்டைகளை மட்டும் திருப்பித் தரவில்லை.